ப்ளீட் போதாத படம்: பெரிதாக்கலாமா, ஓரத்தை நீட்டலாமா?

பரதநாட்டிய வகுப்புக்கு ஒரு ஏ5 நோட்டீஸ். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலை அருகே எடுத்த, உயரவாக்கில் உள்ள படம். மாணவியின் தூக்கிய கை மேல் ஓரத்தை நெருங்குகிறது, சலங்கைக் கால் கீழ் ஓரத்தை நெருங்குகிறது. இடப்பக்கம் வெறும் கடலும் வானமும். வலது ஓரத்தில் சிலையைச் சுற்றி நிற்கும் செதுக்கிய கல்தூண்களில் ஒன்று.

ஏ5 என்பது 148×210 மி.மீ. அச்சடித்தபின் வெட்டிப்போகும் ஓரமான ப்ளீட்டை சுற்றிலும் 3 மி.மீ. சேர்த்தால் 154×216. கேமரா படமோ 2:3. உயரத்தை 216 ஆக வைத்தால் அகலம் 144தான் வருகிறது. இடமும் வலமும் 5 மி.மீ. வீதம் குறைகிறது.

படத்தையே பெரிதாக்குவது ஒரு வழி. அகலம் 154 ஆனால் உயரம் 231 ஆகிவிடும். மேலும் கீழும் 7.5 மி.மீ. வெளியே போகும், அதற்கப்புறம் ப்ளீட்டில் இன்னும் 3. கால் கீழ் ஓரத்திலிருந்து 9 மி.மீ.தான் தள்ளியிருந்தது. பெரிதாக்கியதில் அது 9.6 ஆனாலும் கத்தி பாதத்தில் ஏறிவிடும். கையும் இப்படி இருப்பதால் படத்தை மேலே நகர்த்தியும் தப்ப முடியாது. இந்தப் படத்துக்கு இந்த வழி வேண்டாம்.

அடுத்தது கண்ணாடி முறை. ஓரத்துப் பட்டையை 5 மி.மீ. அகலத்துக்கு, அதாவது 300 டிபிஐயில் 59 பிக்சல், நகலெடுத்து `Flip Horizontal` கொடுத்து வெளியே ஒட்ட வேண்டும். அந்த 5 மி.மீ.யில் 3 குப்பைக்குப் போகிறது, தாளில் நிற்பது 2 மட்டும். கடல் பக்கத்துக்கு எனக்கு இதுதான் பிடித்தது, ஒட்டு தெரியவே இல்லை. ஆனால் தொடுவானம் சாய்ந்திருந்தால் ஒட்டிய இடத்தில் அந்தக் கோடு மடங்கித் தெரியும். முதலில் படத்தை நேராக்கிவிடுங்கள்.

தூண் பக்கம் கண்ணாடி முறை தோற்றது. செதுக்கல் இரட்டையாகி, பாதிப் பூ முழுப் பூவாகத் திரும்பி நின்றது. அங்கே ஃபோட்டோஷாப்பின் `Content-Aware Fill` நன்றாக வந்தது. முதல் தடவை மட்டும் புடவையின் சிவப்பு தூணில் ஏறியது. மாதிரி எடுக்கும் பகுதியிலிருந்து மாணவியை பிரஷ்ஷால் அழித்ததும் சரியானது.

எழுத்துக்கான பாதுகாப்பு ஓரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். 5 மி.மீ. என்றால் வெட்டுக் கோட்டிலிருந்து 5, ஃபைல் ஓரத்திலிருந்து 8. ஃபைல் ஓரத்திலிருந்தே 5 அளந்தால் வெட்டியபின் 2தான் மிஞ்சும். கத்தி 1 மி.மீ. நகர்ந்தாலே போன் நம்பர் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

போட்டோ புக்கில் 12×18 அங்குலப் பக்கம் கேமரா விகிதத்திலேயே இருப்பதால் ப்ளீட் மட்டும்தான் குறையும். கிட்டத்தட்ட 2 சதவீதம் பெரிதாக்கினால் போதும். ஓரத்தில் யாருடைய கையாவது இருந்தால் மட்டும் நீட்டுங்கள்.