9,400 ரூபாய்க்கு ஒரு வயலின் வாங்கினேன், வாசிக்கத்தான் முடியாது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் 'போகட்டும்' என்று விட்டுவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். புதிதாக வாத்தியம் கற்க ஆரம்பித்த பிள்ளைக்குப் பரிசு வாங்கப் போகிறவர்களுக்கு நாலு யோசனையும் கடைசியில் சொல்கிறேன்.

தங்கை மகளுக்கு எட்டு வயது. விஜயதசமி அன்று வயலின் வகுப்பில் சேர்த்தார்கள். வகுப்பில் டீச்சரிடம் சின்னச் சின்ன வயலின்கள் மூன்று நான்கு இருக்கின்றன, பிள்ளைகள் அதில்தான் பழகுகிறார்கள். வீட்டில் வாத்தியம் இல்லை. அதனால் அவள் மரஸ்கேலை மடியில் சாய்த்து, தோசைக்கரண்டியை வில்லாக இழுத்து, "ஸ ரி க ம" என்று வாயால் பாடிக்கொண்டிருந்தாள். தங்கை அதை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள். பார்த்த மாமனுக்கு மனசு கேட்குமா? பிறந்தநாளுக்கு மூன்று வாரம் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் வாங்கி அனுப்பி அசத்திவிடலாம் என்று முடிவு செய்தேன். டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்காததற்குக் காரணம் இந்த 'யாரிடமும் சொல்லாமல்'தான். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

கடைப் பெயர் வேண்டாம். பெருநகரத்தில் இருக்கும் ஒரு வாத்தியக் கடை. ரீல்ஸ் நிறையப் போடுவார்கள், வாட்ஸப்பில் ஆர்டர் எடுப்பார்கள், பணம் முழுவதும் முன்கூட்டியே அனுப்ப வேண்டும். இந்த வகைக் கடைகள் இப்போது ஏராளம்.

பேசியவர் கேட்ட முதல் கேள்வியே, "குழந்தை கர்நாடகமா, வெஸ்டர்னா சார்?" என்பதுதான். அங்கேயே விழுந்துவிட்டேன். இதைக் கேட்கத் தெரிந்தவருக்கு விஷயம் தெரியாமல் இருக்குமா என்று நினைத்தேன். அப்புறம் வீடியோ காலில் வந்தார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றி, சரளி வரிசை இரண்டு வாசித்தார். சுத்தமாகத்தான் வாசித்தார். பழுப்பு நிறம், பின்பக்கம் புலிவரி மாதிரி கோடுகள், கீழே தந்திகளைக் கோக்கும் இடத்தில் நான்கு குட்டித் திருகுகள். "இதையேதான் சார் பேக் பண்றேன். ஸ ப ஸ ப சுருதி சேர்த்தே அனுப்புறேன், பாப்பா எடுத்து வாசிக்க வேண்டியதுதான்" என்றார்.

"எட்டு வயசுப் பொண்ணு, சின்னது வேண்டாமா?" என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சின்னது வாங்கினா ரெண்டு வருஷத்துல மாத்தணும் சார், காசு வேஸ்ட். கர்நாடகத்துக்கு உட்கார்ந்துதானே வாசிக்கிறாங்க, கீழே ஊன்றிக்கலாம். ஃபுல் சைஸே எடுங்க." அக்கறையாகச் சொல்வது போலவே இருந்தது. பள்ளிச் சட்டையை ஒரு சைஸ் பெரிதாக எடுக்கும் குடும்பத்தில் வளர்ந்தவன் நான், தலையாட்டிவிட்டேன். வயலின் 8,900, பேக்கிங்கும் கூரியரும் 500. மொத்தம் 9,400 ரூபாய். அனுப்பிவிட்டு அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறந்தநாளன்று நானும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பெட்டியைத் திறந்தபோது தந்திகள் நான்கும் தொளதொளவென்று கிடந்தன. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் தனியாக ஒரு காகிதத்தில் சுற்றியிருந்தது. ஸ ப ஸ ப சேர்த்து அனுப்புவதாகச் சொன்னவர் இவர்! கூரியரில் போகும் வாத்தியத்தில் சுருதி நிற்காது என்பது இப்போது தெரிகிறது, அன்று தெரியவில்லை. குழந்தை வயலினைத் தூக்கியதும் உள்ளே 'டொக் டொக்' என்று ஏதோ உருண்டது. "மாமா, உள்ள இன்னொரு கிஃப்ட் இருக்கு!" என்றாள். அதை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

நல்லவேளை, தந்தியை முறுக்கி ஏற்றாமல் தங்கை அப்படியே வகுப்புக்கு எடுத்துப்போனாள். டீச்சர் கையில் வாங்கி லேசாக ஆட்டிப் பார்த்துவிட்டு, "யாரும் முறுக்கலையே?" என்றுதான் முதலில் கேட்டார்களாம். உருண்டது சவுண்ட் போஸ்ட். சின்ன விரல் கனத்தில் ஒரு மரக்குச்சி. வயலினுக்குள்ளே மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவில், பிரிட்ஜின் ஒரு காலுக்குச் சற்றுப் பின்னால் நிற்கும். பசை போட்டு ஒட்டுவது கிடையாது, இரு பலகைகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. ஒலியை அடிப்பலகைக்குக் கடத்துவதும் அதுதான், தந்திகளின் இழுவையில் மேல்பலகை அமுங்காமல் தாங்குவதும் அதுதான். அது விழுந்து கிடக்கும்போது பிரிட்ஜை நிறுத்தித் தந்தியை இறுக்கினால் மேல்பலகை குழிந்துவிடும், விரிசலும் விடலாம். நாங்கள் வீட்டில் வீடியோ பார்த்துச் சுருதி சேர்க்க உட்கார்ந்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

டீச்சர் பொறுமையாக அதைக் கொக்கி போட்டு நிறுத்தி, பிரிட்ஜ் வைத்து, தந்தி ஏற்றினார்கள். அப்போதுதான் மற்றதெல்லாம் வெளியே வந்தது. பிரடைகள் நிற்கவே இல்லை. வயலினில் பிரடை என்பது தந்தியைச் சுற்றி முறுக்கும், ஒரு முனை மெலிந்த மரமுளை. துளையும் அதே சரிவில் இருந்தால்தான் கவ்விப் பிடிக்கும். இதில் துளை ஒரு சரிவு, முளை ஒரு சரிவு. ஏற்றிவிட்டுக் கையை எடுத்தால் 'கிர்ர்' என்று இறங்கிவிடுகிறது. கற்கும் பிள்ளைக்கு இது சின்னக் குறை இல்லை. சரளி வரிசையில் ஸட்ஜமும் பஞ்சமமும் விரல் வைக்காத வெறும் தந்தி. ரி க ம மூன்றுக்கும்தான் ஸட்ஜத் தந்தியில் விரல். அந்த இரண்டு வெறும் தந்தியும் நழுவிக்கொண்டே இருந்தால் பிள்ளை எதைக் கேட்டு விரலைச் சரிபண்ணும்?

பிரிட்ஜைச் சீவவே இல்லை. புது பிரிட்ஜ் உயரமாகத்தான் வரும், அந்தந்த வயலினுக்கு ஏற்றபடி காலையும் தலையையும் சீவி இறக்க வேண்டுமாம். சீவாததால் தந்தி எட்டாத உயரத்தில் நின்றது. குழந்தை அழுத்திப் பார்த்தாள், விரல் நுனியில் கோடு விழுந்தது. கூடவே விரல் கருப்பாகவும் ஆனது. விரல் பலகை கருங்காலி இல்லை, வெளிர் மரத்தில் பூசிய சாயம். (இந்த விலையில் கருங்காலி எதிர்பார்க்கக் கூடாது என்று டீச்சரே சொன்னார்கள். அது சரி. சாயமாவது ஒட்ட வேண்டாமா?) வீடியோவில் பார்த்த நான்கு குட்டித் திருகுகளுக்குப் பதில் ஒன்றுதான் இருந்தது. புலிவரியும் இல்லை. அவர் வாசித்த வயலின் வேறு, வந்த வயலின் வேறு.

எல்லாவற்றுக்கும் மேலே, சைஸ். உட்கார்ந்து வாசித்தாலும் நின்று வாசித்தாலும் கை நீளம் கை நீளம்தான். முழு வயலினில் மத்தியமத்துக்கு அவள் சுண்டுவிரலை நீட்டினாலும் போதவில்லை, மணிக்கட்டு ஒடிந்து வளைகிறது. வகுப்பில் அவள் வாசிப்பது அரை சைஸ்.

அன்று மாலையே கடைக்குப் பேசினேன். "புதுத் தந்தி சார், இழுத்துக்கும். ஒரு வாரம் வாசிக்கட்டும்" என்றார். உள்ளே உருண்ட குச்சியைச் சொன்னேன். "நீங்க தந்தியைத் தளர்த்தியிருப்பீங்க." தளர்ந்துதான் வந்தது என்று பெட்டி திறந்தபோது எடுத்த படத்தை அனுப்பினேன். "கூரியர்காரன் போட்டிருப்பான், நாங்க பொறுப்பில்லை." சரி, மாற்றித் தாருங்கள் என்றேன். வில்லைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். மறுநாள் பதில்: "ரோசின் போட்டிருக்கீங்க, யூஸ் பண்ணின ஐட்டம், ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்."

இங்கே ஒரு நிமிடம். புது வில்லில் ரோசின் தேய்க்காவிட்டால் சத்தமே வராது, முடி தந்திமேல் வழுக்கிக்கொண்டு போகும். அப்படியானால் வாசித்துப் பார்க்காமலே குறை கண்டுபிடிக்க வேண்டுமாம், வாசித்துப் பார்த்தால் பழசாகிவிடுமாம். என்ன கணக்கு இது?

அதற்குப் பிறகு ஓனர் ஊரில் இல்லை, ஓனர் கல்யாணத்தில் இருக்கிறார், ஓனர் திங்கட்கிழமை பேசுவார். மூன்று திங்கட்கிழமை போய்விட்டது. செய்திக்கு நீல டிக் மட்டும் விழுகிறது. நேற்று என் எண்ணுக்கே அவர்களிடமிருந்து புது வருடச் சலுகை விளம்பரம் வந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

டீச்சர் சொன்ன ரிப்பேர்காரரிடமும் காட்டியாயிற்று. பிரடைத் துளை சரிசெய்து, வேறு பிரிட்ஜ் சீவி வைத்து, தந்தி மாற்ற 3,500 ஆகும் என்றார். "ஆனா சார், அதுக்கப்புறமும் இது ஃபுல் சைஸ்தானே" என்று அவரே சிரித்தார். செலவழித்தாலும் குழந்தைக்கு இன்னும் சில வருடங்களுக்கு உதவாது. 9,400 ரூபாய் பரண்மேல் இருக்கிறது. அவள் இப்போது வாசிப்பது டீச்சர் மாதம் 400 ரூபாய் வாடகைக்குக் கொடுத்த அரை வயலின். முதலிலேயே கேட்டிருந்தால் அதுதான் பரிசு, இரண்டு வருட வாடகை கட்டியிருந்தாலும் 9,600தான்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸப் உரையாடலையும் கேட்டால் கொடுக்கத் தயார். வீடியோ காலைப் பதிவு செய்து வைக்கவில்லை, அதுதான் அடித்துக்கொள்கிறேன்.

யோசனை சொல்கிறேன் என்றேன், எழுதி எழுதியே கை ஓய்ந்துவிட்டது. டீச்சரைக் கேட்காமல் வாங்காதீர்கள். குழந்தையின் இடது கையை நீட்டச் சொல்லி, கழுத்திலிருந்து உள்ளங்கை நடுவரை அளந்துகொள்ளுங்கள். 20 அங்குலம் போல இருந்தால் அரை, 22 என்றால் முக்கால், 23-ஐத் தாண்டினால்தான் முழுசு. நேரில் போய், பிரடையை ஏற்றிக் கையை எடுத்துப் பாருங்கள், நிற்கிறதா என்று. தூக்கி லேசாக ஆட்டுங்கள், உள்ளே எதுவும் உருளக் கூடாது. ஈரத்துணியால் விரல் பலகையை ஒரு துடை துடையுங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். வீடியோவில் காட்டியதைத்தான் அனுப்புகிறோம் என்றால், உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு, அப்புறம் பணம் போடுங்கள்.