மூலையில் தெரியும் கார்ட்: இரண்டு வருட அனுபவம்

ஹட்டன் பக்கத்துத் தோட்டக் கோயில்களின் தேர்த் திருவிழாக்களை இரண்டு வருடமாக ட்ரோனில் எடுத்து வருகிறேன். கீழே சனம் நெருக்கி நிற்கும் என்பதால் இறக்கைகளைச் சுற்றி கார்ட் என்ற பாதுகாப்பு வளையம் போடாமல் பறக்க விடுவதில்லை. அதனால் எடுத்த காட்சியின் மேல் மூலைகளில் அந்த கார்ட் கறுப்பு வளைவாக வந்து நிற்கும்.

எப்போதும் வராது. ட்ரோன் வேகமாக முன்னேறும்போதும் எதிர்க்காற்றில் ஒரே இடத்தில் நிற்கும்போதும் அதன் உடல் முன்பக்கம் சாய்கிறது. கேமராவைத் தாங்கும் கிம்பல் அதை மட்டமாகவே வைத்திருப்பதால், தாழ்ந்த முன் இறக்கைகள் பார்வைக்குள் இறங்கிவிடுகின்றன. ஆடி மாதக் காற்றில் மெதுவாகப் போனாலும் இதே கதைதான். கேமராவைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்பினால் தப்பலாம். ஆனால் அப்போது மலைமுகடு போய்விடும்.

முதலில் நான் செய்வது பெரிதாக்கி வெட்டுவது. போன வருடத் தேர்க் காட்சி ஒன்றில் கார்ட் மேலிருந்து 150 பிக்சல் வரை இறங்கியிருந்தது. காட்சி 3840×2160. டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில், 4K டைம்லைனில், Zoom 1.08, Position Y 86 என்று வைத்தேன். படம் மேலே நகர்ந்து உச்சியில் சுமார் 160 பிக்சல் வெளியே போனது, கீழே எதுவும் குறையவில்லை. பக்கவாட்டில் மட்டும் இரண்டு புறமும் 140 பிக்சல் அளவு போனது. 1080-இல் கொடுக்கிற வேலை என்பதால் தெளிவில் ஒரு குறையும் தெரியவில்லை.

தேரின் கலசம் உச்சியை ஒட்டி இருந்தால் இப்படி வெட்ட முடியாது. அப்போது ஒட்டுப்போட வேண்டும். ஆரம்பத்தில் கார்ட் இல்லாத ஒரு ஃப்ரேமில் இருந்து வானத்தை எடுத்து, அசையாத படமாக மூலையில் ஒட்டினேன். நம் மலையில் அது எடுபடவே இல்லை. சுற்றிலும் பனிமூட்டம் நகர்ந்துகொண்டிருக்க, மூலை மட்டும் கறை மாதிரி உறைந்து நின்றது. ஒரு திருமணத்துக்கு எடுத்த காட்சியிலும் இப்படி ஒட்டியதைப் பார்த்து அந்த வீட்டுக்காரர், "தம்பி, கேமரா கண்ணாடியில தண்ணியா?" என்று கேட்டார். மனசு கஷ்டமாகிவிட்டது.

அப்புறம்தான் வழி பிடிபட்டது. அதே கிளிப்பின் பிரதியைக் கீழ் டிராக்கில் அதே நேரத்தில் வைத்து, பக்கத்து வானம் மூலைக்கு வரும்படி நகர்த்துகிறேன். மேல் கிளிப்பில் கார்ட் இருக்கும் இடத்தை மாஸ்க் போட்டு நீக்கி, ஓரத்தை நன்றாக மென்மையாக்குகிறேன். பனி, படத்தில் தெரியும் இரைச்சல் புள்ளிகள், வெளிச்சம் எல்லாம் அதே ஃப்ரேமில் இருந்து வருவதால் சேர்ந்தே நகர்கின்றன. பிரதியை இடவலமாகப் புரட்டிப் போடாதீர்கள், ஒரே மேகம் எதிரெதிராக நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

முடித்ததும் கான்ட்ராஸ்ட்டை அதிகமாக ஏற்றி, நாலு மடங்கு வேகத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். ஒட்டு இருந்தால் அங்கே தெரிந்துவிடும். முகடோ சவுக்கு மரமோ அந்த மூலைக்குள் வந்தால் இந்த முறையும் கைகொடுக்காது. அந்த சில நொடிகளை வெட்டிவிட்டு வேறு ஷாட் போடுகிறேன்.