லீக் பருவத்தை ஓட்டிப் பார்த்து விலை போடுவது: பல பருவங்களின் அனுபவம்

இங்கிலாந்து பிரீமியர் லீக் உதைபந்தாட்டத்தின் 380 ஆட்டங்களையும் கணினியில் பல்லாயிரம் தடவை ஓட்டி, சம்பியன், முதல் நான்கு, தரமிறக்கம் ஆகிய மூன்றுக்கும் பந்தய விலை எடுக்கும் முறையைப் பல பருவங்கள் பாவித்ததில் ஒரு விஷயம் தெளிவாகிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் சரியான நிகழ்தகவு இருந்தாலும் பருவத்தின் விலை பிழைக்கலாம். அணியின் பலம் நமக்குத் துல்லியமாகத் தெரியும் என்று எடுத்துக்கொள்வதுதான் காரணம்.

ஓர் அணி சராசரியாக ஆட்டத்துக்கு 60% வெல்லும், 22% சமன் செய்யும் என்று வைப்போம். 38 ஆட்டத்தில் எதிர்பார்க்கும் புள்ளி ஏறத்தாழ 77. அதிர்ஷ்டத்தால் மட்டும் வரும் நியம விலகல் 7.6 அளவில் இருக்கும். இந்தக் கணக்கில் 90 புள்ளியைத் தொடும் வாய்ப்பு சுமார் 5%, அதாவது 1ஐ 0.05ஆல் வகுத்தால் விலை 20. ஆனால் பருவம் தொடங்கும்போது நமது மதிப்பீடே 6 புள்ளி இங்கோ அங்கோ தவறியிருக்கலாம். இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி மூலம் எடுத்தால் நியம விலகல் 9.7 ஆகிறது. அதே வாய்ப்பு 9.5% ஆகி, விலை ஏறத்தாழ பாதியாகிறது. தரமிறக்கத்திலும் இதே கதைதான்: பட்டியலின் நடுவில் உள்ள அணிகளுக்கு ஆபத்தே இல்லை என்று பழைய கணக்கு காட்டிவிடும்.

திருத்தம் ஒரே வரி. பலத்தை ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றாமல், ஓட்டும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு தடவை புதிதாக எடுக்க வேண்டும்:

```python
theta = rng.normal(mu, 0.09, size=(N, 20))
```

`mu` அணிகளின் மதிப்பீடு. கோல் எதிர்பார்ப்பை `exp(theta_i - theta_j)` ஆல் பெருக்கும் மாதிரியில் 0.09 என்பது சுமார் 6 புள்ளிக்குச் சமம். ஆட்டத்துக்கு ஆட்டம் எடுத்தால் 38 ஆட்டத்தில் அது ஒன்றையொன்று சரிசெய்துகொண்டு மறைந்துவிடும். பலர் சறுக்குவது இங்கேதான்.

அளவு சரியா என்று பார்க்க, பழைய ஐந்து பருவங்களை அந்தந்த ஓகஸ்ட் மதிப்பீட்டோடு ஓட்டுங்கள். 100 அணி முடிவுகளில் பத்து, ஓட்டத்தின் அடி 10 சதவீதத்துக்குள் விழ வேண்டும், மேலேயும் பத்து. இரு பக்கமும் 15, 16 என்று வந்தால் பரவல் குறுகியிருக்கிறது. பருவம் நகர நகர 0.09ஐக் குறைக்கலாம், பூச்சியமாக்கக் கூடாது. ஜனவரியில் வீரர்கள் மாறுகிறார்கள், பயிற்றுநர்கள் போகிறார்கள்.

வெற்றி, சமன், தோல்வி என்று மட்டும் ஓட்டாமல் கோலாகவே ஓட்டுங்கள். 2011-12இல் இரு மன்செஸ்டர் அணிகளும் 89 புள்ளி. கோல் வித்தியாசம் 64க்கு 56 என்பதால் சிட்டி வென்றது. புள்ளிக் கழிப்புக்கும் ஓர் இடம் வையுங்கள்: 2023-24இல் எவர்டன் மொத்தம் 8 புள்ளி இழந்தது. முடிவில் எல்லா அணிகளையும் கூட்டினால் சம்பியனுக்கு 100%, முதல் நான்குக்கு 400%, தரமிறக்கத்துக்கு 300% வர வேண்டும். வராவிட்டால் சமநிலையைப் பிரிக்கும் வரியில்தான் பிழை.

கொழும்பு நேரத்தில், திங்கள் இரவு ஆட்டம் செவ்வாய் அதிகாலையில்தான் முடிகிறது. திங்கள் காலையில் ஓட்டி எடுத்த விலை அதற்குள் பழசாகிவிடும். செவ்வாய் காலையில் ஓட்டுவதே சரி.