கவுண்டர் ஆஃபரில் 3 லட்சம் போனது: ராஜினாமாவைத் திரும்பப் பெறும் முன் இதைப் படியுங்கள்

நேற்றுச் சம்பளம் வந்தது. அதோடு வர வேண்டிய 3 லட்சம் போனஸ் வரவில்லை. இனி வரவே வராது என்று இன்று மதியம் எச்.ஆர். சொல்லிவிட்டார்கள். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

சென்னை ஓ.எம்.ஆரில் நடுத்தர அளவுள்ள ஒரு ஐ.டி. சர்வீஸ் கம்பெனி. ரிலீவிங் லெட்டர் இன்னும் அவர்கள் கையில் இருப்பதால் பெயர் வேண்டாம்.

போன வருடம் எனக்கு 14 லட்சம், முழுக்க ஃபிக்ஸட். வெளியே 19 லட்சத்துக்கு ஆஃபர் லெட்டர் வந்தது, அதுவும் முழுக்க ஃபிக்ஸட். போர்ட்டலில் ராஜினாமா போட்டேன். 90 நாள் நோட்டீஸில் இரண்டு மாதம் ஏன் போகிறாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கடைசி மாதம் தொடங்கியும் என் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை, கிளையண்ட் ரிலீஸ் வேறு நெருங்கியது. அப்போதுதான் மேனேஜர் தனியாகக் கூப்பிட்டார்.

அவரிடம் ஆறு வருடம் வேலை பார்த்தவன் நான். பணத்தைப் பற்றி அவர் முதலில் பேசவே இல்லை. "அம்மாவுக்கு டயாலிசிஸ் போகுதே, புது கம்பெனியில யாருப்பா உனக்கு வீட்ல இருந்து வேலை பார்க்க விடுவான்? இங்க நான் இருக்கேன்ல" என்றார். அப்புறம்தான், "19.5 தர்றேன், டைரக்டர்கிட்ட பேசி முடிச்சாச்சு" என்றார். லெட்டர் கேட்டேன். "ராஜினாமா நிலுவையில இருக்குற ஆளுக்கு சிஸ்டம் சம்பள ரிவிஷன் எடுக்காதுப்பா. நீ வித்ட்ரா பண்ணு, லெட்டர் தானா வரும்." போர்ட்டலைப் பயன்படுத்தும் யாருக்கும் இது நியாயமாகத்தான் படும். அன்றே ராஜினாமாவைத் திரும்பப் பெற்று, மறுநாள் வெளிக் கம்பெனிக்கு வரவில்லை என்று மெயில் போட்டேன்.

அடுத்த வாரம் லெட்டர் வந்தது. 19.5 இருந்தது, பொய் இல்லை. ஆனால் பிரித்துப் பார்த்தால் ஃபிக்ஸட் 15, வேரியபிள் 1.5, ரிட்டென்ஷன் போனஸ் 3 லட்சம். அதாவது மாதச் சம்பளத்தில் வரிக்கு முன் கூடியது 8,333 ரூபாய். வெளியே போயிருந்தால் 41,000க்கு மேல் கூடியிருக்கும். அந்த 3 லட்சமும் 12 மாதம் முடிந்த பிறகுதான். அன்று நான் நோட்டீஸில் இருக்கக் கூடாது, கிளையண்ட் பணம் கொடுக்கும் பில்லபிள் ப்ராஜெக்டில் இருக்க வேண்டும், கடைசி முடிவு நிர்வாகத்துடையது. மேனேஜரிடம் கேட்டால், "அது எல்லாருக்கும் போடுற கண்டிஷன்தான்" என்று சிரித்தார். வெளிக் கம்பெனிக்கு போன் போட்டேன், அந்த இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்களாம்.

சில வாரங்களில் டீமுக்கு இரண்டு ஜூனியர்கள் வந்தார்கள். என் சுமையைக் குறைக்கத்தானாம். நான் சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு கே.டி. கூட்டத்தையும் பதிவு செய்துகொண்டார்கள். பதினோராவது மாதம் ப்ராஜெக்டிலிருந்து விடுவித்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பெஞ்சில் இருப்பவன் பில்லபிள் இல்லை. கணக்கு முடிந்தது.

அப்புறம் அலைச்சல். மேனேஜர் ஃபைனான்ஸைக் கேள் என்றார். ஃபைனான்ஸ், எச்.ஆர். அப்ரூவல் வரவில்லை என்றது. எச்.ஆர். போர்ட்டலில் டிக்கெட் போட்டால் ஒரு வரி பதில்கூட இல்லாமல் Resolved என்று மூடினார்கள். திறந்தேன், திரும்ப மூடினார்கள். ஆறு வருடப் பழக்கமுள்ள மேனேஜர் என் மெசேஜுக்கு ஒரு கட்டைவிரல் போட்டதோடு சரி. இன்று புதிதாக வந்த எச்.ஆர். அம்மா, "நீங்க பில்லபிள் இல்லையே சார்" என்றார். என்னை எடுத்தது நீங்கள்தானே என்றேன். "அது டெலிவரி டீம் முடிவு சார்." அதோடு ஒரு யோசனையும் சொன்னார்: நானே ராஜினாமா போட்டால் ரிலீவிங் லெட்டர் சுத்தமாக வருமாம். 3 லட்சம் சார், 3 லட்சம்! வெளி ஆஃபரைவிட ஃபிக்ஸடில் குறைந்த 4 லட்சத்தை இதில் சேர்க்கவே இல்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. லெட்டர் வராமல் வித்ட்ரா பண்ணாதீர்கள். சிஸ்டம் எடுக்காது என்றால் சம்பளப் பிரிப்பை எச்.ஆர். மெயிலிலிருந்தாவது அனுப்பச் சொல்லுங்கள், அதுவரை வெளி ஆஃபரை மறுக்காதீர்கள். மொத்தத் தொகையைப் பார்க்காமல் ஃபிக்ஸடை ஃபிக்ஸடோடு ஒப்பிடுங்கள். ரிட்டென்ஷன் போனஸ் என்றால், கம்பெனியே பெஞ்சில் போட்டாலும் வேலையை விட்டு எடுத்தாலும் அதுவரையான மாதங்களுக்குத் தருவோம் என்று எழுதி வாங்குங்கள். முன்பணமாகக் கொடுத்தால் இன்னும் கவனம்: வரி பிடித்தது போக மீதிதான் கையில் வரும், பாதியில் போனால் முழுத் தொகையையும் திருப்பிக் கேட்கலாம், அந்த ஷரத்தைத் தேடிப் படியுங்கள்.

இப்படி பெஞ்சில் போட்டு மறுத்த போனஸை யாராவது வக்கீல் நோட்டீஸ் அனுப்பி வாங்கியிருந்தால் சொல்லுங்கள். லெட்டரும் மெயில்களும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. ராஜினாமா இன்னும் போடவில்லை.