ரிடென்ஷன் கிராஃபோடு மூன்று வருஷம்: அந்தக் கோடு சொல்வதும் சொல்லாததும்

போன வாரம் ஒரு நண்பர் தன் வீடியோவின் ரிடென்ஷன் கிராஃபை, அதாவது வீடியோவின் எந்த நேரத்தில் எத்தனை சதவீதம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று காட்டும் கோட்டை, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, ஒரு பள்ளத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, "இங்கதானே எல்லாரும் ஓடிடறாங்க?" என்று கேட்டிருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் நானும் அதே மாதிரி ஒரு பள்ளத்தைத்தான் வட்டமிட்டு வைத்திருந்தேன். அதனால் அவருக்கு அனுப்பிய பதிலைக் கொஞ்சம் நீட்டி இங்கே எழுதுகிறேன்.

கிராஃபை எங்கே திறப்பது, முதல் 30 வினாடியில் ஏன் அப்படிச் சரிகிறது என்பதெல்லாம் வீடியோ போடுகிற எல்லோருக்கும் தெரியும். தலைப்பைப் பார்த்துத் தவறாக உள்ளே வந்தவர்கள் அங்கேயே வெளியேறிவிடுகிறார்கள். அதைப் பற்றி ஆயிரம் பேர் பேசியாயிற்று. எனக்குப் பிரச்சினை அதற்குப் பிறகு வரும் கோட்டில்தான்.

என் வீடியோ ஒன்று, லேப்டாப் ஃபேன் சத்தத்தை நிறுத்துவது பற்றியது. சரியாகப் பத்து நிமிஷம். அதில் 2:20 வாக்கில் கோடு 55 சதவீதத்திலிருந்து 43-க்கு இறங்கியது. அந்த இடத்தில் தேவையான கருவிகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தேன். போர் அடித்து ஓடிவிட்டார்கள் என்று முடிவு கட்டி, அடுத்த வீடியோவில் கருவிப் பட்டியலையே வெட்டி எறிந்தேன். மொத்தப் பார்வை நேரம் துளிகூட ஏறவில்லை. கமென்ட்டில் மட்டும் "ஸ்க்ரூடிரைவர் என்ன சைஸ்?" என்று வரிசையாகக் கேள்வி.

நான் கவனிக்காதது பள்ளத்தின் வலது கரையை. 3:00 வந்ததும் கோடு மறுபடி 52-க்கு ஏறியிருந்தது. வெளியே போனவர் திரும்பி வந்து கோட்டை ஏற்ற மாட்டார். அங்கே இருந்தவர்கள் அந்த நாற்பது வினாடியைத் தாண்டிக் குதித்து, வேலை ஆரம்பிக்கும் இடத்தில் இறங்கியிருக்கிறார்கள். உண்மையான இழப்பு 55-க்கும் 52-க்கும் நடுவே உள்ள மூன்று மட்டும்தான். ஆக, இறங்கி ஏறினால் அது தாண்டல். இறங்கி அப்படியே கீழேயே நின்றால்தான் வெளியேற்றம். இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

மேடுகளும் இதே மாதிரி ஏமாற்றும். திரும்பத் திரும்பப் பார்ப்பதும் கணக்கில் சேர்வதால் கோடு சில இடங்களில் எகிறும், 100 சதவீதத்தைத் தாண்டக்கூட வாய்ப்பு உண்டு. மேட்டின் பின்பக்கச் சரிவைப் பார்த்து ஆட்கள் போகிறார்கள் என்று பதறக் கூடாது. ரீவைண்ட் செய்தவர்கள் பார்த்து முடித்துவிட்டார்கள், அவ்வளவுதான். என் வீடியோவில் ஃபேனின் மெல்லிய ஒயரைக் கழற்றும் இடத்தில் அப்படி ஒரு மேடு. முதலில் பெருமையாக இருந்தது. பிறகு அந்த ஷாட்டை நானே பார்த்தேன்: என் கட்டைவிரல் கனெக்டரை முழுசாக மறைத்துக்கொண்டிருக்கிறது. புரியாமல்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள்.

சரி, நிஜமாகவே வெளியேறிய இடங்கள் எவை? கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது 4:12. அங்கே 41-லிருந்து 34-க்குப் படி இறங்கிய கோடு மேலே வரவே இல்லை. அதே கண்ணுக்குத் தெரியாமல் தப்பியது 7:24. அங்கே 18 என்பது 15 ஆகியிருந்தது. மூன்று புள்ளிதானே என்று விட்டுவிட்டேன். ஆனால் எத்தனை புள்ளி இறங்கியது என்பதைவிட, அந்த நேரத்தில் இருந்தவர்களில் எத்தனை பங்கு போனார்கள் என்பதுதான் கேள்வி.

```
(41 - 34) / 41 = 0.17
(18 - 15) / 18 = 0.17
```

இரண்டு இடத்திலும் ஆறில் ஒருவர் எழுந்து போயிருக்கிறார். கோடு கீழே போகப் போக ஒவ்வொரு இழப்பும் சின்னதாகத் தெரியும். வீடியோவின் பின்பாதியில் நாம் செய்யும் தப்பெல்லாம் இந்தத் தட்டையான கோட்டில்தான் ஒளிந்துகொள்கிறது.

காரணத்தைத் தேடும்போது படி விழுந்த வினாடியில் நிற்காமல் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். யாரும் சலித்த மறுகணமே மூடுவதில்லை, கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். நான் பத்துப் பதினைந்து வினாடி பின்னால் போய், சத்தத்தோடு ஓடவிட்டுப் பார்ப்பேன். 4:06-ல் "கேட்டீங்களா, சத்தம் போயிடுச்சு" என்று நானே சொல்கிறேன். வந்த வேலை முடிந்தது, கிளம்பிவிட்டார்கள். அது தப்பே இல்லை. 7:24-ன் கதை வேறு. 7:10-லிருந்து தெர்மல் பேஸ்ட் ஏன் காய்கிறது என்று கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருக்கிறேன். கையில் வேலை ஒன்றும் நடக்கவில்லை. அவ்வளவு தூரம் உட்கார்ந்திருந்தவர்கள் பேஸ்ட் தடவுவதைப் பார்க்கக் காத்திருந்தவர்கள். அவர்களைத் துரத்தியது நான்தான். திருப்தியோடு போனவரையும் எரிச்சலோடு போனவரையும் கோடு ஒரே மாதிரிதான் வரையும். வித்தியாசம் வீடியோவைப் பார்த்தால்தான் தெரியும்.

இப்போது என் தீராத எரிச்சலுக்கு வருகிறேன். கிராஃப் மேல் விரலை வைத்தால் 4:12 என்று வினாடி சுத்தமாகக் காட்டுகிறது, ஏதோ ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்த மாதிரி. ஆனால் ஸ்கிரிப்ட் எழுதித் தகவல் எடுப்பதற்கென்று நான் பயன்படுத்தும் தளம் தரும் ஏபிஐ வழியாக இதையே எடுத்தால், வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மொத்தமே 100 புள்ளிகள்தான். என் பத்து நிமிஷ வீடியோவில் ஒரு புள்ளி என்பது ஆறு வினாடி. நாற்பது நிமிஷ வீடியோ என்றால் 24 வினாடி. அதற்குள் நாலைந்து வாக்கியம் பேசி, இரண்டு ஷாட் மாறியிருப்பேன். எந்த வாக்கியம் துரத்தியது என்று இதில் எங்கே தேட?

இதில் இன்னும் கடுப்பு, அந்த ஏபிஐயிலேயே `stoppedWatching` என்று ஓர் எண் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய துண்டு எத்தனை முறை ஒருவர் பார்த்த கடைசித் துண்டாக இருந்தது என்பதைச் சொல்லும். தாண்டலா வெளியேற்றமா என்ற குழப்பத்துக்கு நேரான பதில் அது. தினமும் திறக்கும் கிராஃபில் அதை ஒரு கோடாகப் போட்டிருந்தால் என் கருவிப் பட்டியல் பிழைத்திருக்கும். இப்போது சந்தேகம் வரும்போதெல்லாம் ஸ்கிரிப்ட் ஓட்டி எடுத்து, விரிதாளில் போட்டுப் பார்க்கிறேன்.

நியாயமாகப் பேசினால், என் கட்டைவிரலைக் காட்டிக்கொடுத்தது இந்தக் கிராஃப்தான். வேறு யாரும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் நான்கு வீடியோவில் அதே விரல் அதே மாதிரி மறைத்திருந்தது. அதற்கப்புறம் கேமராவை இடது பக்கம் மாற்றிவிட்டேன். பேஸ்ட் பற்றிய விளக்கத்தை இப்போது தடவிக்கொண்டே சொல்கிறேன். அடுத்த வீடியோவில் அந்த இடத்தில் படி விழவில்லை. சத்தம் நின்றதைக் காட்டும் ஷாட்டைக் கடைசிக்குத் தள்ளிப் பார்த்தேன். படி மறையவில்லை, அதுவும் கூடவே 8:40-க்கு நகர்ந்து போனது.

இவ்வளவு சொன்ன பிறகும் நண்பருக்கு நான் அனுப்பிய கடைசி வரி, "பத்து வீடியோ போடற வரைக்கும் அதைத் திறக்காதே" என்பதுதான். வட்டமிட்ட பள்ளத்தின் வலது கரையைப் பார்க்கச் சொன்னதற்கு, "அது எதுக்கு? நான் ஏற்கனவே கட் பண்ணிட்டேன்" என்று பதில் வந்தது.