பழைய பேனாவைக் கிட்டத்தில் எடுத்த படத்தை நம்பி வாங்காதீங்க, நான் ஏமாந்துட்டேன்

இரண்டு மாதம் மிச்சம் பிடித்த பணம் இன்று காலை பேனா வந்த பெட்டியைத் திறந்ததும் போய்விட்டது. கை நடுங்குகிறது, எழுத்து முன்னே பின்னே இருந்தால் மன்னிக்கவும்.

பழைய பொருட்கள் விற்கும் ஓர் இணையதளம். விளம்பரத்தில் '1920களின் வாட்டர்மேன் 55, லீவர் வகை, 5-ஆம் எண் நிப், மை நன்றாக ஏறும்' என்று போட்டிருந்தது. அந்தக் காலத்து வாட்டர்மேன் நிறுவனப் பேனாக்களின் எண்ணில் முதல் 5 லீவரால் மை ஏற்றுவதைக் குறிக்கும், கடைசி எண் நிப்பின் அளவு. 55 என்றால் பெரிய நிப், 52 என்றால் சின்னது, விலையிலும் நிறைய வித்தியாசம். விற்பவரிடம் நிப்பைக் கிட்டத்தில் காட்டச் சொன்னேன். பத்தே நிமிடத்தில் படம் வந்தது, 'சார், நம்பர் தெளிவாத் தெரியுது பாருங்க' என்ற செய்தியோடு. அவ்வளவு சீக்கிரம் அனுப்புகிறவர் எதை மறைக்கப் போகிறார் என்று நம்பிவிட்டேன். உண்மையில் எண்ணின் கீழ்ப்பாதி பேனாவின் கழுத்துக்குள் மறைந்திருந்தது. தெரிந்த மேல்பாதி வளைவாக இருந்தது, 5-இன் தலையில் நேர்க்கோடு அல்லவா இருக்க வேண்டும்! இப்போது அதே படத்தைப் பார்த்தால் 2 என்று பளிச்சென்று தெரிகிறது. நிப் மட்டும் திரை முழுக்க நிறைந்திருந்ததால் சின்னதும் பெரிதாகத்தான் தெரிந்தது, பக்கத்தில் ஒரு அளவுகோல்கூட இல்லை.

வந்த பேனாவின் அடிமுனையில் 52 என்று பொறித்திருக்கிறது. அந்த முனையை ஒரு படத்தில்கூட அவர் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

லீவரும் அப்படித்தான். படத்தில் பேனாவின் பக்கவாட்டில் அழகாக மடங்கிக் கிடந்தது. நேரில் தூக்கினால் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தொளதொளவென்று ஆடுகிறது, கழுத்தைக் கழற்றினால் உள்ளே லீவர் அழுத்த வேண்டிய, மை பிடிக்கும் ரப்பர் பை பொடிப்பொடியாகக் கொட்டுகிறது. லீவர் இருப்பதால் இது லீவர் வகை என்று மட்டும்தான் தெரியும், மை ஏறுமா என்பது தெரியாது.

கேட்டால் முதலில் 'பழைய பேனா அப்படித்தான் சார் இருக்கும்' என்றார். அப்புறம் 'நிப் அஞ்சு மில்லிமீட்டர், அதைத்தான் அஞ்சுன்னு போட்டேன்' என்றார். வாட்டர்மேன் எண் மில்லிமீட்டரே இல்லை, அது அவர்கள் வைத்த வரிசை எண். அதைச் சொன்னதும் 'படம் பார்த்துத்தானே வாங்கினீங்க'. தளத்தில் புகார் செய்தேன், விற்பவரிடமே பேசிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதச் சேமிப்பு!

வாங்கப் போகிறவர்கள் அடிமுனை எண்ணைப் படமாகக் கேளுங்கள். நிப்பை அளவுகோலோடு, பேனா முழுதும் தெரிகிற மாதிரி கேளுங்கள். லீவரைத் தூக்கித் தண்ணீர் ஏற்றும் வீடியோ கேளுங்கள், ஆனால் வருடக்கணக்கில் கிடந்த பேனா என்றால் லீவரைத் தொடவே விடாதீர்கள், பை கல்லாக இறுகியிருந்தால் லீவர் உடைந்துவிடும். வேறு எதுவும் இப்போது எழுத வரவில்லை. என் கடைசிச் செய்தியை மதியமே பார்த்துவிட்டார், இன்னும் பதில் இல்லை.