சேதுக்கரையில் பூட்டிய கார்

தை அமாவாசைக்கு அப்பாவுக்குத் திதி கொடுக்க, அக்கா மகனின் காரில் விடியற்காலையில் சேதுக்கரைக்குப் போனோம். கூட்ட நாளில் தோப்புகளை எல்லாம் பார்க்கிங் ஆக்கிவிடுகிறார்கள். ஒரு தென்னந்தோப்பில் 100 ரூபாய் கொடுத்து டோக்கன் வாங்கினோம். பணத்தை மருமகன்தான் போனில் அனுப்பினான். டோக்கனை நாங்கள் யாரும் படித்துப் பார்க்கவில்லை.

தர்ப்பணம் முடிந்து ஈர வேட்டியோடு திரும்பினால் விட்ட இடத்தில் கார் இல்லை. தோப்பின் கடைசியில், முன் சக்கரத்தில் இரும்புப் பூட்டோடு நின்றது. "டோக்கன் போடாத வண்டிண்ணே, வழியை மறிச்சுது, டிராக்டர் கட்டி இழுத்துட்டோம். 1,500 கட்டிட்டு எடுத்துக்கங்க" என்றான் பையன். டோக்கனை நீட்டினோம். வண்டி எண் 4187. அவன் எழுதியிருந்தது 4817.

எண் மாறியது சின்ன விஷயம். பணம் போன நேரம் மருமகன் போனிலேயே இருந்தது. பெரிய விஷயம் முன் பம்பர். இடது ஓரத்தில் ஒரு கை நீளத்துக்கு விரிசல். இழுக்கும் கொக்கி மாட்ட காரில் தனி இடம் உண்டு. அதைத் தேடாமல் கயிற்றைப் பம்பருக்கு உள்ளே விட்டுக் கட்டியிருக்கிறார்கள். பார்க்கிங்கைக் குத்தகைக்கு எடுத்திருந்த குத்தகைக்காரரோ "அது பழைய அடி" என்று ஒரே போடாகப் போட்டார்.

மருமகன் சண்டைக்குக் கிளம்பினான். நான் அவனைப் படம் எடுக்கச் சொன்னேன். பூட்டோடு சக்கரம், எண் தெரியும்படி முழு வண்டி, மணலில் கார் இழுபட்ட தடம், பம்பரில் கயிறு உரசிய கோடு. பூட்டைக் கழற்றி வண்டியை நகர்த்திவிட்டால் இதில் பாதி கிடைக்காது. 1,500-ஐக் கொடுத்தோம், வேறு வழியில்லை, அம்மா வெயிலில் நின்றுகொண்டிருந்தார். ஆனால் ரசீது கேட்டு, அதன் கீழே "ஆட்சேபத்துடன் செலுத்தியது" என்று எழுதிப் பையனிடம் கையெழுத்து வாங்கினேன். அப்படியே காவல் நிலையம் போய் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதான சி.எஸ்.ஆர். வாங்கினோம்.

நான் இருக்கும் லண்டனில் தனியார் நிலத்தில் இப்படிப் பூட்டுவது 2012 முதல் குற்றம். இங்கே, மோட்டார் வாகனச் சட்டம் 127-ஆம் பிரிவின்படி பொது இடத்தில் நிற்கும் வண்டியை இழுக்கவோ பூட்டவோ சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி உத்தரவிட வேண்டும். தோப்புக்காரர் தானாகப் பூட்டிப் பணம் கேட்க அந்தப் பிரிவில் இடமில்லை.

ராமநாதபுரத்தில் பட்டறைக்காரர் பம்பரைத் தடவிப் பார்த்ததுமே சொன்னார்: "இடிச்சிருந்தா உள்ளே அமுங்கும். இது வெளியே பிதுங்கியிருக்கு, இழுத்த உடைசல். பழசுன்னா விரிசல் ஓரத்துல அழுக்கு ஏறியிருக்கும், இது வெள்ளையா இருக்கு." அதையே எழுதி 6,800 ரூபாய்க்கு மதிப்பீடு கொடுத்தார். எங்கள் கையில் இருந்ததிலேயே கனமான தாள் அதுதான்.

நுகர்வோர் ஆணையத்தில் என் பேரிலேயே புகார் கொடுக்க நினைத்தேன். தெரிந்த வக்கீல் தடுத்தார். கட்டணம் போனது மருமகன் கணக்கிலிருந்து, ஆர்.சி.யும் அவன் பேரில். அவன் கொடுத்தால் கேள்வியே எழாது. நான் கொடுத்தால் முதலில் நான் யார் என்று விளக்க வேண்டும், அதற்குள் எனக்கு விமானம். இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும், இந்த அளவு வழக்குக்கு ஆணையத்தில் கட்டணம் இல்லை, e-jagriti.gov.in வழியாகவும் கொடுக்கலாம் என்றார். முதலில் குத்தகைக்காரருக்கு வக்கீல் நோட்டீஸ்: பூட்டுக்கு 1,500, பம்பருக்கு 6,800, வண்டி பட்டறையில் கிடந்த நாட்களின் டாக்ஸிக்கு 900. மொத்தம் 9,200, 15 நாள் கெடு.

பதிலில் குத்தகைக்காரர் டோக்கனின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்: "வாகனச் சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல." ஓட்டலில் சாவியோடு ஒப்படைத்த கார் திருடுபோன வழக்கில், இப்படி அச்சடித்துக்கொண்டு சொந்த அலட்சியத்திலிருந்து தப்ப முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்கள் சாவி எங்கள் பையில்தான் இருந்தது, ஆகவே அது அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது என்றார் வக்கீல். ஆனால் இங்கே யாரோ வந்து திருடவில்லை. அவர்கள் ஆட்களே இழுத்து உடைத்தார்கள். குத்தகைக்காரருக்கு எழுதிய மறுபதிலில் வக்கீல் அதைத்தான் அழுத்தி எழுதினார், மணல் தடத்தின் படத்தையும் சேர்த்து.

நான் லண்டன் திரும்பிய பிறகு மருமகன் கூப்பிட்டான். "மாமா, 8,300 தர்றேங்கிறாரு. டாக்ஸி காசு மட்டும் முடியாதாம். எழுதிக் கொடுத்துறவா?"

பணம் கணக்கில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடு என்றேன். மறுநாள் ஏறியது. டாக்ஸி 900-ஐ நான் அனுப்பிவைத்தேன்.